மன்னிப்பு பற்றி சபையார் சேர்ந்து வாசிக்க ஒரு கவிதை: வரிகளைப் பார்த்துச் சொல்லுங்கள்

தேரிமணல்:
எங்கள் சேகரத்தில் லெந்து காலத்து வெள்ளிக்கிழமைக் கூடுகை ஒன்றை இந்த வருடம் வாலிபர் சங்கத்திடம் விட்டிருக்கிறார்கள். பாவ அறிக்கை வருகிற இடத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு கவிதையை, ஐயர் ஒரு வரி சபையார் ஒரு வரி என்று மாறி மாறி வாசிக்கலாம் என்று ஐயரே சொன்னார். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் பகுதி இது:

ஐயர்: கல்வாரி மலைமேலே கரம்விரித்த கருணையே, காலமெல்லாம் உமைமறந்து கல்மனதாய்த் திரிந்தோமே.
சபை: எமைப்பகைத்த எல்லோரையும், எம்பெயரைக் கெடுத்தோரையும், எம்வயிற்றில் அடித்தோரையும் இதயத்தில் இருந்து நாங்கள் மன்னித்துவிட்டோம் ஐயா, நாம் பாவிகள், எமைமன்னித்து ஏற்றருள்வீரே.

ஜெபக்கூட்டத்தில் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தோம். முன்வரிசை 'ஏற்றருள்வீரே'யை முடித்து உட்கார்ந்துவிட்டது, பின்வரிசை அப்போதுதான் 'எம்வயிற்றில்' என்ற இடத்தில் இருக்கிறது, நடுவில் ஒரு அம்மா வாசிப்பதையே விட்டுவிட்டு அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே இடிக்கிறது?

கீர்த்தனைப் பிரியன்:
தம்பி, இது ஆதி தாளத்தில் அழகாக உட்காரும். நாதநாமக்கிரியையில் போட்டுப் பாருங்கள், லெந்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஐயர் வரியை அனுபல்லவியாக வைத்துக்கொண்டு சபையார் வரியைப் பல்லவி ஆக்கிவிடுங்கள். ஆர்மோனியம் வாசிக்க ஆள் இருக்கிறார்களா?

தேரிமணல்:
அண்ணா, பாட்டு ஏற்கெனவே மூன்று இருக்கிறது. இது பாடுவதற்கு இல்லை, வாசிப்பதற்கு.

வெண்பாப் பித்தன்:
கோளாறு எங்கே என்றால் யாப்பில். நூறு பேர் ஒன்றாகச் சொல்ல வேண்டுமானால் சந்தம் வேண்டும். கும்மி அடிக்கும்போது யாராவது பின்தங்குகிறார்களா? எண்சீர் விருத்தமாக எழுதி அடிக்கு அடி எதுகை போடுங்கள், சபை தானாகவே சேர்ந்து வரும். உங்கள் வரியில் முதல் பாதி சந்தத்தில் ஓடுகிறது, 'இதயத்தில் இருந்து நாங்கள்' என்ற இடத்தில் உரைநடையாகத் தொங்கிவிட்டது.

மலர் டீச்சர்:
பித்தன் சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். ஓசை வேண்டும், அதில் சண்டையில்லை. ஆனால் கும்மிப் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம், கூடவே கைத்தட்டு இருக்கிறது. தேரிமணல் கொடுக்கும் தாளைச் சபையார் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். கண் வரியைத் தேட வேண்டும், வாய் சொல்ல வேண்டும், காது பக்கத்திலிருப்பவரைக் கேட்க வேண்டும், மூன்றும் ஒரே நேரத்தில். அந்த நிலையில் விருத்தத்துக்காக ஒட்டிய 'எமைப்பகைத்த', 'உமைமறந்து' மாதிரிச் சொற்கள் ஆளைத் தடுக்கிவிடும். ஒருவர் சேர்த்து வாசிப்பார், இன்னொருவர் பிரித்து வாசிப்பார், அங்கேயே அரைச் சொல் இடைவெளி விழுந்துவிடும். எதுகையும் இரண்டாம் எழுத்தில் வருவது, தனியாகப் பாடுகிறவருக்குத்தான் இனிப்பு. கூட்டமாக வாசிக்கும்போது உண்மையில் உதவுவது மோனைதான். முதல் எழுத்து தெரிந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறக்கும்.

சபையார் வரிக்கு நான் வைத்திருக்கிற அளவு ஒரு மூச்சு. நடுவில் காற்புள்ளி ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு காற்புள்ளியிலும் ஆளாளுக்கு ஒரு நேரம் நிற்பார்கள். உங்கள் வரியில் நாலைந்து இருக்கிறது, அதனால்தான் முன்வரிசையும் பின்வரிசையும் பிரிந்துபோயின. விவரமெல்லாம் ஐயர் வாயில் இருக்கட்டும். அவர் தனி ஆள், அவருக்கு மைக் இருக்கிறது, நீளமாகவும் படிப்பார். சபைக்கு மூன்று சொல் போதும்.

அப்புறம் ஒரே வரியில் 'நாங்கள் மன்னித்துவிட்டோம்', 'நாம் பாவிகள்' என்று இரண்டும் வருகிறது. கடவுளைப் பார்த்துப் பேசும்போது 'நாம் பாவிகள்' என்றால் அவரையும் சேர்த்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்! கடைசிவரை 'நாங்கள், எங்கள்' என்றே போகட்டும். ஐயர் சபையைப் பார்த்துப் பேசுகிற வரி இருந்தால் அங்கே 'நாம்'.

தவக்காலப் பயணி:
நாங்கள் கத்தோலிக்கர். பூசையில் பதிலுரைப் பாடலின்போது ஒருவர் பல்லவியை முதலில் சொல்லிக் காட்டுவார், பிறகுதான் எல்லோரும் சொல்வோம், அப்புறம் கடைசிவரை அதே பல்லவிதான். மன்றாட்டிலும் 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்ற ஒரே வரிதான். தாள் இல்லாமலே நடந்துவிடும். நீங்களும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வைத்தால் என்ன?

உபதேசியார் பேரன்:
வேதத்திலேயே இருக்கிறதே. சங்கீதம் 136ல் 26 வசனத்திலும் பின்பாதி 'அவர் கிருபை என்றுமுள்ளது' ஒன்றுதான். முன்பாதி மட்டும் படைப்பு, எகிப்து, செங்கடல், வனாந்தரம் என்று நகர்ந்துகொண்டே போகும்.

தேரிமணல்:
ஒரே வரி என்றால் சலிப்பாகிவிடாதா? ஐந்தாவது முறை சொல்லும்போது மனது அதில் இருக்காது என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு ஒரு 'கவிதை' கேட்டிருக்கிறார்கள், லித்தானியா இல்லையே.

வைகைக்கரை:
நான் கவிதை எழுதுகிறவள் இல்லை, ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 'நாங்கள் மன்னித்துவிட்டோம் ஐயா' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்தத் தாள் என் கையில் வந்தால் அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன். என் வீட்டில் நடந்ததை இங்கே விரிக்கப்போவதில்லை. செய்தவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெரியவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வந்து 'மன்னிச்சிரும்மா, வேதம் சொல்லுதுல்ல' என்றார்கள். முந்நூறு பேர் நடுவில் நின்று, எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து 'மன்னித்துவிட்டோம்' என்று சொன்னால் அது பொய். சொல்லாமல் நின்றால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். என்னை மாதிரி ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள்.

உபதேசியார் பேரன்:
சகோதரி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் பரமண்டல ஜெபத்தில் வாரா வாரம் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று சொல்கிறோமே? அடுத்த வசனங்களில் ஆண்டவர் இன்னும் கடுமையாகச் சொல்கிறார், மத்தேயு 6:14, 15. மனுஷருக்கு மன்னிக்காவிட்டால் பிதாவும் மன்னிக்க மாட்டார் என்று. சபைக்குக் கஷ்டமாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டால் மன்னிப்பைப் பற்றிய கவிதையில் மீதி என்ன இருக்கும்?

மலர் டீச்சர்:
எடுக்கச் சொல்லவில்லை. 'மன்னித்துவிட்டோம்' என்பது முடிந்துபோன காரியத்துக்குக் கொடுக்கிற சாட்சி. அதைச் சபை முழுக்கச் சேர்ந்து கொடுக்க முடியாது, ஏனென்றால் யார் யாருக்கு மன்னித்தார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. 'மன்னிக்க மனம் தாரும்' என்று கேட்பதில் மன்னித்தவரும் சேர்ந்துகொள்ளலாம், இன்னும் முடியாதவரும் சேர்ந்துகொள்ளலாம். எல்லோரும் சேர்ந்து வாசிக்க எழுதும்போது நான் பார்ப்பது இதைத்தான்: அந்தக் கூட்டத்தில் மிகவும் அடிபட்ட ஒருவர் இந்த வரியைப் பொய் இல்லாமல் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்த வரி ஐயருக்குப் போகட்டும், இல்லாவிட்டால் வேண்டுதலாக மாறட்டும்.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் அது எரிந்து வெறும் சுவராக நின்றது. அந்த இடிபாட்டில் பலிபீடத்துக்குப் பின்னால் சுவரில் பொறித்தது இரண்டே சொல், 'பிதாவே, மன்னியும்'. சிலுவையில் ஆண்டவர் சொன்னது 'இவர்களுக்கு மன்னியும்' என்று. அந்த 'இவர்களுக்கு' சுவரில் இல்லை. குண்டு போட்டவர்கள் மட்டுமல்ல, நாங்களும் இதில் இருக்கிறோம் என்று அர்த்தம். பிறகு 1958ல் ஜோசப் பூல் என்ற குரு அங்கே ஒரு ஒப்புரவு மன்றாட்டு எழுதினார். தலைவர் ஒவ்வொரு பாவமாகச் சொல்ல, சபை ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு சொல்லையே சொல்லும். ஊரே எரிந்துபோன ஜனங்களிடம் 'நாங்கள் மன்னித்துவிட்டோம்' என்று ஒரு வரியைக் கொடுக்கவில்லை பாருங்கள்.

உபதேசியார் பேரன்:
கோவென்ட்ரி நல்ல உதாரணம்தான். ஆனாலும் கேட்பதோடு நிறுத்திவிட்டால், வீட்டுக்குப் போய் அண்ணனோடு பேசாமலே இருக்க அது வசதியாகவும் போய்விடும் என்பதுதான் என் பயம். 'மனம் தாரும்' என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டே இருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

வைகைக்கரை:
அந்த ஆட்களும் நானும் ஒன்றா, அண்ணா?

உபதேசியார் பேரன்:
இல்லை. ஆனால் கையில் இருப்பது ஒரே தாள். சிக்கலே அதுதான்.

மலர் டீச்சர்:
தேரிமணல் கேட்ட சலிப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வரியும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் புது வரியும் வேண்டாம் என்றால் நம்மிடம் அந்தாதி இருக்கிறது. ஐயர் வரி எந்தச் சொல்லில் முடிகிறதோ அதே சொல்லில் சபையார் வரி ஆரம்பிக்கட்டும், அதன் கடைசிச் சொல் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். ஐயர் 'எங்கள் கை' என்று முடித்தால் சபை 'கையைத் தளர்த்தும், ஆண்டவரே'. 'எங்கள் நாவு' என்றால் 'நாவை அடக்கும், ஆண்டவரே'. முதல் சொல்லை ஐயரே கொடுத்துவிடுகிறார், கடைசிச் சொல் தெரிந்ததுதான், நடுவில் ஒரு சொல்லை மட்டும் தாளில் பார்த்தால் போதும். அந்த ஒன்றைத் தவறவிட்டவரும் 'ஆண்டவரே'யில் வந்து சேர்ந்துகொள்வார்.

ஐயர் வரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு முற்று வைக்காதீர்கள். 'நாங்கள் மறந்தோம். உம்மைத் தேடவில்லை.' என்று எழுதினால் 'மறந்தோம்' என்றதும் அவர் குரல் இறங்கும், பாதிச் சபை அங்கேயே பதில் சொல்லிவிடும். 'மறந்தும்', 'ஆன பிறகும்', 'தெரிந்தும்' என்று எச்சமாக இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் ஒரே இடத்தில் முடியுங்கள்.

வெண்பாப் பித்தன்:
அந்தாதி என்றதும் வாயடைத்துப் போனேன். சரி டீச்சர், விருத்தத்தை வாபஸ் வாங்குகிறேன், மோனையை விட மாட்டேன்.

தேரிமணல்:
இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருப்பி எழுதினேன். மத்தேயு 18ல் வருகிற கடன்பட்ட வேலைக்காரனிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

ஐயர்: பதினாயிரம் தாலந்து எங்களுக்குத் தள்ளுபடியான பிறகும், நூறு வெள்ளிப்பணத்துக்காக அடுத்தவர் தொண்டையைப் பிடிக்கிறது எங்கள் கை.
சபை: கையைத் தளர்த்தும், ஆண்டவரே.

ஐயர்: கூடப் பிறந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயும், பந்தியில் உட்காராமல் திரும்பியது எங்கள் கால்.
சபை: காலைத் திருப்பும், ஆண்டவரே.

ஐயர்: எதிரே வருகிறவர் யாரென்று தெரிந்தும், தெரியாததுபோல் தாழ்ந்தன எங்கள் கண்கள்.
சபை: கண்களைத் திறந்தருளும், ஆண்டவரே.

ஐயர்: ஒருமுறை நடந்ததை ஊரெல்லாம் ஒன்பது விதமாகச் சொல்லியும், இன்னும் ஓயவில்லை எங்கள் நாவு.
சபை: நாவை அடக்கும், ஆண்டவரே.

ஐயர்: மன்னித்துவிட்டோம் என்று வாய் சொன்ன பிறகும், பழைய கணக்கை மூடாமல் வைத்திருக்கிறது எங்கள் மனம்.
சபை: மனதை மாற்றும், ஆண்டவரே.

தவக்காலப் பயணி:
'காலைத் திருப்பும்' என்பதைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டால் 'காலை'யைத் திருப்பச் சொல்கிற மாதிரி இருக்கிறது. காலை ஆராதனை வேறு! பிள்ளைகள் நிச்சயம் சிரிப்பார்கள்.

மலர் டீச்சர்:
நல்ல கண். 'எங்கள் கால்கள்', 'கால்களைத் திருப்பும்' என்று மாற்றிவிடுங்கள். இந்த மாதிரி இடங்கள் எழுதியவர் கண்ணில் படாது, சத்தமாக வாசித்தால்தான் வெளியே வரும். சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு பாட்டியை உட்காரவைத்து, தாள் கொடுக்காமல் ஐயர் வரியை மட்டும் வாசியுங்கள். மூன்றாவது வரிக்குள் அவர்கள் 'கண்களை' என்று தானாக ஆரம்பித்துவிட்டால் கவிதை வேலை செய்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் ஐயர் வரியின் முடிவு தெளிவாக விழவில்லை.

முதல் வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வேலைக்காரன் தொண்டையைப் பிடித்தது வேதத்தில் இருப்பது, அது சபைக்குத் தெரிந்த கதை, 'கையைத் தளர்த்தும்' என்று கேட்பது உங்களுடையது. நாவு வரிதான் கொஞ்சம் சவசவ. 'இன்னும் ஓயவில்லை' வேண்டாம், 'ஒருமுறை நடந்ததை ஊரெல்லாம் ஒன்பது விதமாகச் சொல்லித் திரிந்தது எங்கள் நாவு' என்று விடுங்கள். பித்தன் கேட்ட மோனையும் உள்ளே இருக்கிறது.

குறை ஒன்று. எல்லா வரியும் தப்பு செய்தவருடையது. வைகைக்கரை சொன்ன ஆள் இதில் எங்கே?

தேரிமணல்:
அதை யோசித்தேன். கடைசியாக இப்படி ஒன்று:

ஐயர்: ஆறாத காயத்தோடு எங்கள் நடுவே இருக்கிறவர்களிடம், அவர்கள் அழுகையைக் கேட்காமலே மன்னித்துவிடு என்று நெருக்கினோம், பிதாவே.
சபை: பிதாவே, மன்னியும்.

மலர் டீச்சர்:
இது நிற்கும். 'ஆண்டவரே'யிலிருந்து 'பிதாவே'க்கு மாறுவதை ஐயரே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறார், அதனால் யாரும் தடுமாற மாட்டார்கள். மாற்றம் வேண்டுமென்றால் கடைசியில் ஒரே ஒரு முறை, அதுவும் இப்படி.

வைகைக்கரை:
இந்த வரியை நான் சொல்வேன். சொல்கிற இடத்தில் நான் நெருக்கியவர்களில் ஒருத்தியா நெருக்கப்பட்டவளா என்று தெரியவில்லை, பரவாயில்லை, இரண்டுமாகவும் இருந்திருக்கிறேன்.

உபதேசியார் பேரன்:
எனக்கு இதில் இன்னும் மனத்தடை இருக்கிறது. மன்னிக்கச் சொல்வதே பாவம் என்று சபை புரிந்துகொண்டுவிடும். 'அழுகையைக் கேட்காமலே' என்று நீங்கள் போட்டிருக்கிறீர்கள், சரிதான், ஆனால் காதில் கடைசியாக நிற்கப்போவது 'மன்னித்துவிடு என்று நெருக்கினோம்'. இதற்குப் பிறகு எபேசியர் 4:32ஐ ஐயர் வாசித்தால் கொஞ்சம் சமன்படும். கோவென்ட்ரி மன்றாட்டும் ஒருவருக்கொருவர் மன்னியுங்கள் என்ற அந்த வசனத்தில்தான் முடிகிறது.

மலர் டீச்சர்:
வாசிக்கலாம். ஆனால் உடனே வேண்டாம், கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் ஐயர் பாவமன்னிப்பு கூறட்டும், அதற்குப் பிறகு வசனம். மன்னிப்பு கூறுகிற பகுதியைக் கவிதைக்குள் கொண்டுவந்து சபை வாயில் வைத்துவிடாதீர்கள், அது ஆராதனை முறைமையில் குரு சொல்ல வேண்டியது. 'வசனத்தை முதலில் வை' என்று உங்கள் ஐயர் சொன்னால் அவரோடு நான் வாதாட மாட்டேன்.

அச்சடிக்கும்போது சபையார் வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஐயர் வரி ஒரு பக்கத்தின் அடியிலும் பதில் அடுத்த பக்கத்தின் மேலேயும் போய்விடக் கூடாது, தாள் திருப்புகிற சத்தத்தில் அந்தாதி செத்துவிடும். திரையிலும் அப்படியே, இரண்டு வரியும் ஒரே படத்தில். ஐயரிடம் இன்னொன்று சொல்லிவிடுங்கள், சபையார் வரி வரும்போது அவர் மைக்கை விட்டு முகத்தை நகர்த்த வேண்டும். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டால் சபை தன் குரலை இறக்கிக்கொள்ளும். பதிலைச் சரியான நேரத்தில் ஆரம்பித்துவைக்க வாலிபர் சங்கத்து ஆட்களைப் பின்வரிசையிலும் பெண்கள் பக்கத்திலும் பிரித்து உட்காரவையுங்கள், பாடகர் குழுவோடு மொத்தமாக முன்னால் வேண்டாம்.

தேரிமணல்:
இன்று கமிட்டியில் வாசித்தோம். மற்றதெல்லாம் சரி, கல்யாணப் பந்தி வரி மட்டும் போகாது என்கிறார்கள். போன மாதம் எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தில் அச்சு அசல் அப்படியே நடந்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே கோயில், ஒரு பக்கம் இடது வரிசை இன்னொரு பக்கம் வலது வரிசை. ஐயர் அந்த வரியை வாசித்தால் சபையே திரும்பி அந்த இரண்டு பெஞ்சையும் பார்க்கும்.

வெண்பாப் பித்தன்:
அப்படியானால் கவிதை பலித்துவிட்டது என்று அர்த்தம்!

மலர் டீச்சர்:
இல்லை பித்தன், எடுத்துவிடுங்கள். பாவ அறிக்கையில் எல்லோரும் தன்னைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்துப் பெஞ்சை இல்லை. விவரம் கூர்மையாக இருக்கலாம், ஆனால் ஊரில் நாலைந்து வீட்டுக்காவது பொருந்த வேண்டும். அதற்காக 'உறவுகளை வெறுத்தோம்' என்று பொதுவாகப் போனால் யாருக்கும் பொருந்தாது. தேரிமணல், கிறிஸ்மஸ் பலகாரம் கொடுக்க உங்கள் ஊரில் தட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவீர்கள்தானே?

தேரிமணல்:
போவோம். சரி, இப்படி:

ஐயர்: கிறிஸ்மஸ் பலகாரத் தட்டோடு தெரு முழுக்கப் போயும், ஒரு வீட்டை மட்டும் தாண்டி நடந்தன எங்கள் கால்கள்.
சபை: கால்களைத் திருப்பும், ஆண்டவரே.

வைகைக்கரை:
இது எல்லாத் தெருவிலும் இருக்கிற வீடு.

உபதேசியார் பேரன்:
இதுதான் நான் கேட்டது. அந்த வரியைச் சொன்னவர் வரும் டிசம்பரில் அந்த வீட்டு வாசலில் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். கடைசி வரி பற்றி என் கருத்து மாறவில்லை, ஐயர் என்ன முடிவு செய்தார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.

தேரிமணல்:
ஐயர் தூத்துக்குடி போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார். அச்சகத்துக்குத் திங்கள்கிழமை கொடுக்க வேண்டும். அதற்குள் வேறு ஏதாவது இடித்தால் சொல்லிவிடுங்கள், முக்கியமாக அந்த நாவு வரி.